பலகாரம் எல்லோருக்கும் என்றால், மெஷின் யாருக்கு?

கேள்வி: முப்பது ஆண்டுகளாகச் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்குச் சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் எல்லாம் செய்து கொடுத்து வருகிறேன். சாமான் அவர்களுடையது, கை என்னுடையது, பணம் வாங்கியதில்லை. இப்போது இதைத் தொழிலாகச் செய்ய ஆசை. பையில் நைட்ரஜன் அடைத்து ஒட்டும் மெஷின் ஒன்றை 1,85,000 ரூபாய்க்குப் பேசி வைத்திருக்கிறேன். இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் பத்தாயிரம் தள்ளுபடி என்கிறார்கள். காரைக்குடியில் கடையும் பார்த்தாயிற்று. என் மகனோ, "யாருக்கு என்ன விற்கப் போகிறாய் என்று ஒரே வரியில் எழுதிக் காட்டு, அப்புறம் பணத்தை எடு" என்கிறான். "தரமான செட்டிநாட்டுப் பலகாரங்கள் எல்லோருக்கும் நியாயமான விலையில்" என்று எழுதினேன். சிரிக்கிறான். மெஷினை வாங்கலாமா?
– ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: இப்போதைக்கு முன்பணம் கட்டாதீர்கள், ஆச்சி. மெஷின் கெட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. அது உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று அந்த ஒரு வரிதான் சொல்ல முடியும். நீங்கள் எழுதிய வரிக்கு அந்தத் திராணி இல்லை.

"தரமான" என்று எழுதியிருக்கிறீர்கள். தரங்கெட்ட பலகாரம் விற்கிறேன் என்று போர்டு மாட்டியவர் காரைக்குடியில் யாராவது உண்டா? எதிர்ச்சொல்லை எவரும் சொல்லமாட்டார் என்றால் அந்தச் சொல்லால் வாங்குகிறவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. "நியாயமான விலை"யும் அப்படித்தான், அடித்துவிடலாம். மிச்சம் இருப்பது "எல்லோருக்கும்". அந்த எல்லோரையும் எங்கே போய்ப் பார்ப்பீர்கள்? பிள்ளையார்பட்டிக்குக் கும்பிட வந்த கூட்டமும், கானாடுகாத்தானில் பெரிய வீடுகளைப் படம் எடுக்க வந்தவர்களும், மகள் கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து ஊருக்கு வந்து பூட்டைத் திறக்கும் குடும்பமும் அதில் அடக்கம். முதல் ஆளுக்கு ஐம்பது ரூபாய்ப் பொட்டலம் வேண்டும். இரண்டாமவருக்குப் பெட்டியில் அடுக்கி, பெயர் அச்சடித்துத் தர வேண்டும். மூன்றாவது குடும்பத்துக்குச் சீரில் வைக்க எண்ணிக்கை பிசகாமல் வேண்டும். மூவருக்கும் பலகாரம் ஒன்றாக இருக்கலாம், தொழில் மூன்று.

நானும் இதில் சூடுபட்டவன்தான். பல ஆண்டுகளுக்கு முன், கண்டாங்கிச் சேலையை வாங்கி விற்கலாம் என்று அறுபது சேலைகளை மொத்தமாக எடுத்தேன். யாருக்கு என்று வீட்டில் கேட்டபோது "பெண்களுக்கு" என்று பெருமையாகச் சொன்னேன். ஊரில் கண்டாங்கி உடுத்துகிற ஆச்சிகளுக்கு நெசவாளர் வீடு எது என்று என்னைவிட நன்றாகத் தெரியும்; அவர்களுக்கு நான் எதற்கு? சென்னையில் வேலைக்குப் போகும் பெண்களோ ஜாக்கெட் துணியும் சேர்ந்து இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. இரண்டு தீபாவளிக்குச் சொந்தக்காரப் பெண்களுக்கெல்லாம் கட்டமிட்ட சேலை கிடைத்தது.

உங்கள் கதைக்கு வருகிறேன். மூவரில் யாரை எடுத்துக்கொள்வது என்பதற்கு உங்கள் கைப்பழக்கமே வழி காட்டுகிறது. முப்பது ஆண்டுகளும் நீங்கள் செய்தது விசேஷ வீட்டுப் பலகாரம். ஆகவே அந்தக் குடும்பத்தை வைத்தே வரியை எழுதிப் பார்ப்போம். "வெளியூரில் இருப்பவர்களுக்கு விசேஷப் பலகாரம்" என்றால் இன்னும் அகலம்தான். சிங்கப்பூரில் இருப்பவருக்குக் கூரியரில் போவதும் அதில் வந்துவிடுகிறது. இப்படி எழுதலாம்: "சென்னையில் குடியிருந்துகொண்டு, ஊர் வீட்டில் கல்யாணமோ அறுபதாம் கல்யாணமோ வைத்திருக்கிற குடும்பத்துக்கு, சீருக்கு வேண்டிய சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் மூன்றையும் கேட்ட கணக்கில் செய்து, விசேஷத்துக்கு முந்தைய நாள் காலை அவர்கள் வீட்டிலேயே இறக்கித் தருகிறேன்."

வரி நீளம்தான், ஆனால் வெட்ட வேண்டிய சொல் ஒன்றும் இல்லை. இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செலவுப் பட்டியலை எடுங்கள். "அவர்கள் வீட்டிலேயே இறக்கி" என்று எழுதிய பிறகு கடை எதற்கு? அந்தக் குடும்பம் கடைத்தெருவில் நின்று வாங்கப் போவதில்லை. வாடகையும் அட்வான்ஸும் மிச்சம். "முந்தைய நாள் காலை" என்பது மெஷினுக்கு வைத்த கேள்வி. எண்ணெய்ப் பலகாரம் காற்றுப் பட்டுப் பட்டுத்தான் காறல் எடுக்கிறது. நைட்ரஜன் பைக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றி அந்தக் காறலைத் தள்ளிப்போடும். தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த சீப்புச் சீடை சீக்கிரம் வாடை தட்டும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடை அலமாரியில் வாரக்கணக்கில் காத்திருக்கும் பொட்டலத்துக்கு அந்த ஏற்பாடு தேவை. இரண்டு நாளுக்கு முன் போட்டு, நன்றாக ஆறவிட்டு, தகர டின்னில் அடைத்து, மூன்றாம் நாள் சீர்த் தட்டுக்குப் போகிற சீடைக்கு அது எதற்கு? இன்னொன்று: அடுப்பில் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்ததை எந்தக் காற்றை அடைத்தாலும் காப்பாற்ற முடியாது.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஓர் ஆர்டரில் அரிசி, உளுந்து, வெல்லம், எண்ணெய், விறகு, உதவிக்கு வருகிறவர் கூலி, வண்டி வாடகை எல்லாம் போக 2,500 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் கூலியையும் செலவில் எழுதுங்கள். சொந்தக்காரர்களுக்கு இத்தனை நாள் இனாமாகச் செய்த பழக்கம், விலை சொல்லும்போது நாக்கைக் கட்டும்.) மெஷின் விலையை எடுக்க 74 ஆர்டர் வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. மற்றப் பத்து மாதங்களில் மாதம் மூன்று கிடைத்தால் ஆண்டுக்கு முப்பது. ஆக, இரண்டரை ஆண்டுச் சம்பாத்தியம், அந்த ஆர்டர்களுக்குப் பயன்படாத ஒரு மெஷினுக்காகப் போகும். கடன் வாங்கினால் தவணைக்கு ஆடி, மார்கழி தெரியாது.

இந்த வரி கேட்கிற செலவு வேறு: இன்னொரு பெரிய வாணலி, இறுக மூடும் டின்கள் கொஞ்சம், முகூர்த்த நாள்களில் கை கொடுக்க ஓர் ஆள். உணவுப் பொருள் விற்க எப்படியும் வேண்டிய FSSAI பதிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் செய்தாலும் அது வேண்டும்.

வரி அழகாக அமைந்துவிட்டதாலேயே உண்மையாகிவிடாது. அந்த வரியில் உள்ள மாதிரியே பத்துக் குடும்பங்களைப் பெயர் போட்டு எழுத முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் ஆள் கற்பனை. யார் வீட்டில் எப்போது விசேஷம் என்பது பந்தல்காரருக்குத் தெரியும், பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அதைவிட முன்பே தெரியும். பத்துப் பேருக்கும் போன் செய்து வரியை அப்படியே சொல்லுங்கள், நிறுத்துங்கள். "ரொம்ப நல்ல விஷயம் ஆச்சி, கட்டாயம் செய்யுங்கள்" என்பார்கள். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது மரியாதை. "எத்தனை வைப்பீர்கள்? அதிரசம் நூற்றொன்று என்றால் எவ்வளவு?" என்று கேட்கிறவரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவரிடம் தேதியும் பாதிப் பணமும் முன்னால் கேளுங்கள். பத்தில் இரண்டு மூன்று பேர் பணம் அனுப்பினாலே வரி நிற்கிறது என்று கொள்ளலாம்.

ஒரு பதில் அடிக்கடி வரக்கூடும் என்று நினைக்கிறேன்: "பலகாரத்தையும் சமையல் மாஸ்டரிடமே விட்டுவிட்டோமே." ஐந்தாறு பேர் இதையே சொன்னால் மனம் தளர வேண்டாம், வாங்குகிறவர் யார் என்று பணம் செலவழிக்காமலே தெரிந்துவிட்டது. சாப்பிடுகிறவர் ஒருவர், சீர் வைக்கிறவர் ஒருவர், பணம் கொடுக்கிறவர் மாஸ்டர். வரியை மாற்றுங்கள்: "காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் விசேஷச் சமையல் எடுக்கும் மாஸ்டர்களுக்கு, அவர்களுடைய ஆட்கள் செய்ய நேரம் இல்லாத சீப்புச் சீடையும் மனகோலமும் மட்டும், சொன்ன தேதிக்குப் படிக் கணக்கில்." அதிரசத்தை எடுத்துவிட்டேன், பல மாஸ்டர்களிடம் அதற்கு ஆள் இருக்கும். ஆளை மாற்றியதும் மற்றதும் மாறும். விலை இறங்கும். பணம் விசேஷம் முடிந்து மாஸ்டர் கணக்கு முடித்த பிறகுதான் வரும், ஆகவே இரண்டு மூன்று ஆர்டருக்கான சாமான் காசு கையில் இருக்க வேண்டும். ஆனால் வீடு வீடாகத் தேட வேண்டாம், ஏழெட்டு மாஸ்டர்கள் போதும். இதிலும் மெஷினுக்கு வேலை இல்லை.

மெஷினுக்கு வேலை உள்ள வரியும் உண்டு. கானாடுகாத்தான், ஆத்தங்குடி சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் பயணிகள், தங்குமிடத்தின் வரவேற்பு மேசையிலேயே எடுத்துப் போகும் 200 கிராம் பொட்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எப்போது விற்கும் என்று தெரியாது, எனவே கெடாமல் இருக்க வேண்டும். பொட்டலம் என்று வந்துவிட்டால் எடை, அதிகபட்ச விலை, செய்த தேதி, உங்கள் முகவரி, பதிவு எண் எல்லாம் அச்சிட்டாக வேண்டும். அந்த வழி பிடித்தாலும் முதலில் இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் கை சீலரில் ஐம்பது பொட்டலம் ஒட்டி, இரண்டு தங்குமிடங்களில் வைத்துப் பாருங்கள். வைக்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: விற்காததைத் திருப்பித் தருவார்களா, அவர்களே காசு கொடுத்து எடுத்துக்கொள்வார்களா? திருப்பித் தருவது என்றால் பழசாகிற நஷ்டம் உங்களுடையது. பத்துப் பொட்டலம் திரும்பி வந்தால் ஒன்றை உடைத்து நீங்களே தின்று பாருங்கள். காறல் அடித்தால் மெஷின் பேச்சை எடுக்கலாம். மொறுமொறுப்பாக இருந்தும் திரும்பி வந்ததென்றால், பையில் குறையில்லை. வாங்குகிற ஆளைத் தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள்.

மெஷின்காரர் மறுபடி கூப்பிட்டால், 1,85,000-ல் ஜி.எஸ்.டி. அடக்கமா, சிலிண்டர் யார் தருவது, பழுதானால் பள்ளத்தூருக்கு ஆள் எத்தனை நாளில் வரும் என்று கேட்டு, விலைப்பட்டியலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது வரட்டும். நீங்கள் அந்தப் பத்துப் பெயர்களை எழுத ஆரம்பியுங்கள், மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. போன் நம்பர் தேட அவன் உதவுவான்.