புள்ளியியல் படிக்கும் மகளுக்கு, கடைக் கணக்கிலேயே ஒரு பயிற்சி

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.எஸ்சி. புள்ளியியல் மூன்றாம் ஆண்டு. வங்கித் தேர்வு வேண்டாம், 'டிமாண்ட் பிளானிங்' வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். அது என்ன வேலை, நிலையானதா, அதற்காக ஒரு லட்சம் ரூபாய் கட்டி கோர்ஸ் சேர்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போது வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் குழந்தைகள் ரெடிமேட் கடை வைத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடையின் மூன்று வருட பில் கணக்கு அவளுக்கு எந்த கோர்ஸையும் விட அதிகம் கற்றுக்கொடுக்கும்.

எந்த மாதம் எந்தச் சரக்கு எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கேற்ப எவ்வளவு ஆர்டர் போடலாம் என்று சொல்வதுதான் இந்த வேலை. துணிக்கடைத் தொடர்கள், ஏசி, மின்விசிறி தயாரிக்கும் நிறுவனங்கள், பிஸ்கட், சோப்பு கம்பெனிகள், ஆன்லைன் கடைகள் எல்லாவற்றிலும் இதற்கு ஆள் இருக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அறிக்கை தயாரிக்கும் எம்.ஐ.எஸ். எக்ஸிகியூட்டிவ், சரக்கு இருப்பைக் கணக்கிடும் இன்வென்டரி அனலிஸ்ட் என்ற பெயரில் வேலை கிடைக்கும். தினமும் கையாள்வது எக்செல்தான். அவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் கணக்குகளில் ஒன்று பருவக் குறியீடு. அதை மகள் சரியாகச் செய்து காட்டினால், இந்த வேலை அவளுக்கு ஒத்துவருமா என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும்.

கணக்கு எளிது. ஒரு வருட மொத்த விற்பனையை 12 ஆல் வகுத்தால் மாத சராசரி. ஒவ்வொரு மாத விற்பனையையும் அந்தச் சராசரியால் வகுத்தால் அந்த மாதத்தின் குறியீடு. குறியீடு 1 என்றால் சராசரி மாதம், 2 என்றால் இரட்டிப்பு, 0.6 என்றால் மந்தம். ஒரு வருடத்தின் 12 குறியீடுகளையும் கூட்டினால் 12 வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ தவறு. எக்செல்லில் B2 முதல் B13 வரை ஜனவரி முதல் டிசம்பர் விற்பனை இருந்தால், அக்டோபருக்கு இப்படி:

```
=B11/AVERAGE(B$2:B$13)
```

இதை மூன்று வருடங்களுக்கும் போட்டு, ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று குறியீடுகளின் சராசரியை எடுப்பார்கள். அடுத்த வருடம் மாதத்துக்குச் சராசரியாக எத்தனை உருப்படி போகும் என்று ஒரு மதிப்பு வைத்து, அதைக் குறியீட்டால் பெருக்கினால் அந்த மாதத்தின் எதிர்பார்ப்பு கிடைக்கும். பாடப்புத்தகம் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும். நம் ஊர்த் துணிக்கடையில் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. காரணம், தீபாவளி.

பொங்கலுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அது சூரியக் கணக்கில் வருவதால் எப்போதும் ஜனவரி 14 அல்லது 15தான். டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதல் பாதியிலும் நடக்கும் விற்பனை எல்லா வருடமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். ஆடித் தள்ளுபடியும் அப்படித்தான். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை நகர்ந்துகொண்டே இருக்கும். 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. தமிழ் மாதத்துக்குக் கணக்கை மாற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதிலும் முழுப் பலன் இல்லை. தீபாவளி ஐப்பசியில் வந்தாலும் 2025இல் அது ஐப்பசி பிறந்த சில நாட்களிலேயே வந்துவிட்டதால், துணி வாங்கும் கூட்டம் பெரும்பாலும் புரட்டாசியிலேயே வந்துபோயிருக்கும்.

ஒரு உதாரணம் போடுகிறேன். எண்கள் என் கற்பனை, எளிதாக வகுபடும்படி வைத்திருக்கிறேன். மாத சராசரி 2023இல் 1,000 உருப்படி, 2024இல் 1,100, 2025இல் 1,200. பண்டிகையை ஒட்டிய மூன்று மாதங்களின் குறியீடு இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

2023: செப்டம்பர் 0.80, அக்டோபர் 1.70, நவம்பர் 1.40
2024: செப்டம்பர் 0.90, அக்டோபர் 2.40, நவம்பர் 0.60
2025: செப்டம்பர் 1.30, அக்டோபர் 2.00, நவம்பர் 0.60

ஒவ்வொரு வரியையும் மகளைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வருடமும் 3.90. நிஜக் கணக்கில் இவ்வளவு துல்லியமாக வராது, கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனாலும் அவள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: சீசனின் மொத்த அளவு மாறவில்லை, மாதங்களுக்குள் அது பிரியும் விதம்தான் மாறுகிறது. நவம்பருக்கு மட்டும் சராசரி எடுத்தால் 0.87 வரும். அப்படி ஒரு நவம்பர் மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட இருந்ததில்லை.

இப்போது 2026க்கு வருவோம். மாத சராசரி 1,300 என்று எடுத்துக்கொள்வோம். புத்தக முறையில் செப்டம்பர் குறியீடு 1.00, அக்டோபர் 2.03, நவம்பர் 0.87. அதன்படி செப்டம்பருக்கு 1,300, அக்டோபருக்கு சுமார் 2,640, நவம்பருக்கு சுமார் 1,130 உருப்படி. ஆனால் 2026 தீபாவளி நவம்பர் 8. இந்த மூன்று வருடங்களில் அதற்கு ஒத்த வருடம் 2023தான். இரண்டு தீபாவளியும் ஞாயிற்றுக்கிழமை என்பதால், கடைசி சனி, ஞாயிறு கூட்டமும் அதே இடைவெளியில் விழும். வித்தியாசம் நான்கு நாள் மட்டுமே.

அந்த நான்கு நாளைச் சரிசெய்ய தினசரி பில் வேண்டும். 2023இல் நவம்பர் 1 முதல் 4 வரை நடந்த விற்பனை, தீபாவளிக்கு 11 முதல் 8 நாள் முந்தையது. 2026இல் அதே நாட்கள் அக்டோபர் 28 முதல் 31 வரை வரும், கிழமைகூட அதே புதன் முதல் சனி வரை. அந்த நான்கு நாளில் 200 உருப்படி போயிருந்தால், 2023இன் மாத சராசரி 1,000 என்பதால் அது 0.20. அதை நவம்பரிலிருந்து எடுத்து அக்டோபரில் சேர்க்க வேண்டும். செப்டம்பர் 0.80, அக்டோபர் 1.90, நவம்பர் 1.20. கூட்டினால் பழையபடி 3.90. உருப்படிகளாக 1,040, 2,470, 1,560.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புத்தகக் கணக்கு நவம்பருக்குச் சுமார் 430 உருப்படி குறைவாகச் சொல்கிறது. அந்த 430ம் தீபாவளிக்கு முந்தைய வாரத்துச் சரக்கு. மொத்தச் சரக்கு சரியாகத்தான் இருக்கிறதே, செப்டம்பரில் மிஞ்சியது நவம்பரில் விற்கட்டுமே என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கலாம். ஒரு பகுதி அப்படிப் போகும். ஆனால் செப்டம்பருக்கே வாங்கிய சரக்கில் பணம் இரண்டு மாதம் முடங்கும். போனஸ் கைக்கு வந்த பிறகு கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் புது டிசைன் அதில் இருக்காது. திருப்பூரிலோ ஈரோட்டிலோ ஆர்டர் போடுவதும் தேதியை வைத்துத்தானே.

மகள் இன்னொரு விஷயத்தை உங்கள் வீட்டுக்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பில்லில் இருப்பது விற்ற அளவு, கேட்ட அளவு இல்லை. 24 சைஸ் சட்டை தினம் பத்து போய்க்கொண்டிருந்து, திடீரென நான்கு நாள் பூஜ்யமாகி, லாரி வந்த மறுநாள் மறுபடி பத்தாக ஏறினால், அந்த நான்கு நாளும் சரக்கு இல்லை என்று அர்த்தம். அதை அப்படியே குறியீட்டில் சேர்த்தால் போன வருடத்துத் தட்டுப்பாடு அடுத்த வருட ஆர்டரிலும் தொடரும். சரக்கு இருந்த நாட்களின் சராசரியை அந்த நாட்களுக்கு நிரப்பி, நிரப்பிய இடத்தை வேறு நிறத்தில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். சைஸ் வாரியாகப் பார்த்தால்தான் இது கண்ணில் படும், மொத்த விற்பனையில் மறைந்துவிடும். மூன்று வருடத்துக்கும் முன்னால் போய்க் கணக்கெடுப்பதாக இருந்தால் ஊரடங்கு பாதித்த 2020ஐயும் 2021ஐயும் சராசரியில் சேர்க்க வேண்டாம்.

யூனிஃபார்ம் விற்பனையிலும் இதே நகர்வு சின்ன அளவில் உண்டு. தமிழ்நாட்டில் பள்ளிகள் 2024இல் ஜூன் 10 அன்றும் 2025இல் ஜூன் 2 அன்றும் திறந்தன. மே மாதமும் ஜூன் மாதமும் அதற்கேற்பக் கூடிக் குறையும், அதனால் அங்கேயும் இரண்டு மாதத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

வருட சராசரிக்குப் பதில், ஒவ்வொரு மாதத்தையும் அதைச் சுற்றியுள்ள 12 மாதங்களின் சராசரியால் வகுக்கும் நகரும் சராசரி முறையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அவள் பேராசிரியர் சொல்லியிருக்கலாம். வருட சராசரி என்பது வருடத்தின் நடுப்பகுதியின் அளவு. கடை வேகமாக வளர்ந்தால் டிசம்பர் விற்பனை அந்தச் சராசரியை விடக் கூடுதலாகத் தெரியும், அதில் ஒரு பங்கு சீசன் இல்லை, வளர்ச்சி. வருடத்துக்கு 30 சதவீதம் வளரும் ஆன்லைன் கடையில் இந்தப் பிழை டிசம்பரில் 12, 13 சதவீதம் வரை போகும். அங்கே 12 மாத நகரும் சராசரியால் வகுப்பதுதான் முறை. என் உதாரணத்தைப் போல ஆண்டுக்கு 9, 10 சதவீதம் வளரும் கடைக்கு அது நாலைந்து சதவீதம்தான். முதலில் எளிய முறையில் செய்யட்டும், அப்புறம் மற்றதையும் செய்து வித்தியாசத்தை எழுதி வைக்கட்டும்.

கணக்கு சரியா என்று சோதிக்க அடுத்த தீபாவளி வரை காத்திருக்கத் தேவையில்லை. 2025 விற்பனையை மறைத்து வைத்துவிட்டு, 2023, 2024 இரண்டை மட்டும் வைத்து 2025ஐக் கணிக்கச் சொல்லுங்கள். என் உதாரணத்தில் 2025 செப்டம்பருக்குச் சாதாரண சராசரி 0.85 தரும். மாத சராசரி 1,200ஐச் சரியாகவே ஊகித்திருந்தாலும் கணிப்பு 1,020தான், ஆனால் விற்றது 1,560. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிழை. பிறகு தீபாவளியிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணி அதே கணக்கைத் திரும்பப் போட்டு, பிழை எவ்வளவு குறைகிறது என்று பக்கத்தில் எழுதட்டும். இந்த ஒரு எக்செல் தாளையும், எந்த நாட்களை ஏன் நிரப்பினாள் என்ற ஒரு பக்கக் குறிப்பையும் நேர்முகத் தேர்வுக்குக் கொண்டுபோகலாம். பெயர், விலை போன்ற கடை விவரங்களை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

தினசரி பில்களைத் தேடி, சரக்கு தீர்ந்த நாட்களைக் கண்டுபிடித்து, அப்பாவிடம் கேட்டுச் சரிபார்க்கும் வேலையில் அவளுக்கு ஆர்வம் வந்தால் தாராளமாக இந்தப் பக்கம் அனுப்புங்கள். அடுத்ததாக, கம்பெனிக் கணினியில் சேர்ந்திருக்கும் தரவை எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல். கற்றுக்கொள்ளட்டும், பைத்தான் என்ற நிரல் மொழி அதற்குப் பிறகு. பில் தேடும் வேலை இரண்டாவது வாரமே அலுத்துவிட்டால் அதையும் எனக்கு எழுதுங்கள், புள்ளியியலுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன, அவற்றைப் பார்ப்போம். நவம்பர் 8க்கு ஆர்டர் போடும் முன் தாளை முடித்துவிட்டால், உங்கள் வீட்டுக்காரர் மனதில் போட்டு வைத்திருக்கும் எண்ணையும் அதில் ஒரு ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். நவம்பர் முடிந்ததும் மகளின் கணிப்பு, அப்பாவின் எண், உண்மையில் விற்றது என்ற மூன்று எண்களையும் ஒப்பிட்டு எனக்கு அனுப்பட்டும்.