போன் ‘மண்’ என்று காட்டிய சேர்மானம்

கேள்வி: கொழும்பில் இருக்கிறோம். மகனுக்குக் கச்சான் ஒவ்வாமை, கடுமையானது. வெளிநாட்டுப் பக்கற்றுகளில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் போனில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாமா?

போன் சொன்னதை மட்டும் நம்பிக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தவள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டைப் போலத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். யாராவது வெளிநாட்டிலிருந்து வரும்போது பை நிறையச் சாமான் வரும். பிள்ளை ஆசையோடு பார்ப்பான். அம்மா பக்கற்றைத் திருப்பித் திருப்பி வாசிப்பார். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை என் அக்காவின் மகன், எனக்குப் பெறாமகன். வாசிக்கிற வேலை எனக்கு. ஏனென்றால் என் தொழிலே மொழிபெயர்ப்பு. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகப் பதிவு எல்லாம் மூன்று மொழிகளிலும் மாற்றிக் கையொப்பம் வைத்துக் கொடுப்பேன். வெள்ளவத்தையில் பாதிப் பேர் வெளிநாடு போனது என் முத்திரையோடுதான் என்று அத்தான் பகிடி பண்ணுவார். அப்படிப்பட்ட நான்தான் பிழை விட்டேன்.

அத்தானின் தம்பி மலேசியாவிலிருந்து வந்தபோது, சுட்ட கோழிக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்புப் பசை ஒரு பக்கற் கொண்டுவந்தார். கையில் கொண்டுவந்த பொருள், அதனால் இறக்குமதியாளரின் ஸ்டிக்கர் எதுவும் இல்லை. பின்பக்கம் முழுக்க மலாய். போனின் கமராவைப் பிடித்தேன். பனை வெல்லம், வெங்காயம், புளி, மிளகாய் என்று வரிசையாக வந்தது. ஒரு வரியின் முடிவில் ‘பீன்ஸ்’ என்று வந்தது. அடுத்த வரியின் தொடக்கத்தில் ‘மண்’ என்று வந்தது. நான் சிரித்தேன். ‘மண்ணும் போட்டிருக்கிறான்கள்’ என்று அக்காவிடம் சொன்னது இன்றைக்கும் காதில் கேட்கிறது. பக்கற் மடிந்திருந்த இடம் அது. கமரா தடுமாறிவிட்டது என்று நினைத்தேன். பீன்ஸ் என்றால் சோயாவாக இருக்கும், சோயா அவனுக்கு ஒத்துக்கொள்ளும், சரி என்று விட்டுவிட்டேன்.

கமரா தடுமாறவில்லை. மலாயில் ‘தானா’ என்றால் மண், நிலம். ‘காச்சாங் தானா’ என்றால் நிலக்கடலை, அதாவது நம்முடைய கச்சான். இரண்டு சொல்லும் ஒரே வரியில் இருந்திருந்தால் போன் சரியாகச் சொல்லியிருக்கும். பிறகு நேராக எழுதிப் போட்டுப் பார்த்தேன், சரியாகவே சொன்னது. பக்கற்றில் வரி உடைந்திருந்ததால் ஒரு பெயரை இரண்டு பொருளாக வாசித்துவிட்டது. நிலக்கடலையில் இருந்த நிலம்தான் அந்த மண். தமிழ் தெரிந்த எனக்கே அது உறைக்கவில்லை.

அவன் இரண்டு வாய்தான் சாப்பிட்டான். உதடு தடித்தது, கழுத்தில் தடிப்புகள் எழும்பின, பிறகு வாந்தி எடுத்தான். இலண்டனில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் கொடுத்துவிட்ட அட்ரினலின் பேனா வீட்டில் இருந்ததால் அக்கா அவனுடைய தொடையில் குத்தினார். பிறகு ஆஸ்பத்திரி. ஊசி போட்டு ஆள் தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி வரக்கூடும் என்பதால் இரவு முழுக்க வைத்துப் பார்த்தார்கள். அரிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை போதாதா என்று கேட்பவர்களுக்கு: அது தடிப்பைக் குறைக்கும். தொண்டை அடைப்பதையோ இரத்த அழுத்தம் விழுவதையோ நிறுத்தாது. நான் டாக்டர் இல்லை, தெரியும். இதைச் சொன்னது அங்கே இருந்த டாக்டர்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பட்டியல் முழுவதையும் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றிவிட்டு அதில் கச்சானைத் தேடுவதுதான் எல்லோரும் செய்வது. நான் இப்போது எதிர்ப்பக்கமாகச் செய்கிறேன். முதலில் கச்சானுக்கு அந்த மொழியில் என்னென்ன பெயர் உண்டு என்று எடுத்து ஒரு அட்டையில் எழுதுவேன். அப்புறம் அந்த எழுத்துகளைப் பக்கற்றில் தேடுவேன். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பொதுச் சொல்லாகக் கரைந்துபோகலாம். மூலத்தில் அது அப்படியே உட்கார்ந்திருக்கும்.

மலாயில் நமக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ‘காச்சாங்’ என்பதை கே, ஏ, சீ, ஏ, என், ஜீ என்று எழுதுவார்கள். அந்தச் ‘சீ’ நம்முடைய ‘ச்’ சத்தம் என்று தெரியாவிட்டால் கண்ணில் படாமல் போய்விடும். தெரிந்துவிட்டாலோ காதில் அப்படியே ‘கச்சான்’ என்று விழும். ஆனால் அது கச்சானுக்கு மட்டும் உரிய பெயர் இல்லை. பயறு, அவரை, கொட்டை எல்லாவற்றுக்கும் அதுதான். காச்சாங் ஹிஜாவ் என்றால் பச்சைப் பயறு. காச்சாங் சோயா என்றால் சோயா. காச்சாங் காஜுஸ் என்றால் நம்முடைய கஜு. ஆகவே அடுத்த சொல்லைப் பார்க்காமல் ‘காச்சாங்’ என்பதற்கு அர்த்தமே இல்லை. அடுத்த சொல் இல்லாமல் தனியாக நின்றால் நான் அதைக் கச்சான் என்றே எடுத்துக்கொள்வேன். இந்தோனேசியப் பக்கற்றுகளிலும் இதே சொல்தான். தாய்லாந்து மொழியில் ‘துவா’ என்பதும் இதே மாதிரிப் பொதுச் சொல், ‘துவா லிசொங்’தான் கச்சான். அரபியில் கச்சானுக்குப் பெயர் ‘பூல் சூடானி’. சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘சூடான் நாட்டு அவரை’ என்று வரும். டுபாயிலிருந்து வந்த பக்கற்றில் அப்படிப் பார்த்தால் யாருக்குக் கச்சான் ஞாபகம் வரும்?

இவ்வளவு தூரம் போக வேண்டாம், தமிழிலேயே இருக்கிறது. நமக்குக் கடலை என்றால் கொண்டைக்கடலை. கோயில் வாசலில் தேங்காய்ச் சொட்டுப் போட்டு விற்பார்களே, அது. தமிழ்நாட்டில் கடலை மிட்டாய், கடலை எண்ணெய் என்று எழுதினால் அது கச்சான். மிட்டாய் என்றால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், ‘கடலை எண்ணெயில் பொரித்தது’ என்று முறுக்குப் பக்கற்றில் இருந்தால் தெரியாது. அதுவும் செக்கில் ஆட்டிய எண்ணெய் என்றால் கச்சானின் புரதம் எண்ணெயோடு வரும், ஒவ்வாமையைக் கிளப்புவது அந்தப் புரதம்தான். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் அது மிகக் குறைவு. ஆனால் பக்கற்றை வைத்துக்கொண்டு அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஏலாது, அதனால் நாங்கள் இரண்டையும் விட்டுவிட்டோம்.

அட்டையோடு தேடும் முன் ஒரு வேலை இருக்கிறது. பட்டியலைக் கமரா வழியாக ஓடவிட்டுப் பார்க்காமல் கையால் தட்டச்சுச் செய்யுங்கள். மலாய் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், பத்து நிமிட வேலை. உடைந்த வரிகளை ஒட்டி, ஒரு காற்புள்ளியிலிருந்து அடுத்த காற்புள்ளி வரை ஒரு பொருள் என்று பிரித்துப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதை விட்டுவிடாதீர்கள். ‘மசாலா’ என்று வெளியே இருக்கும், கச்சான் உள்ளே இருக்கும். அர்த்தமில்லாத சொல் ஒன்று வந்தால், என் ‘மண்’ மாதிரி, அங்கேதான் நிற்க வேண்டும். அது என்னவென்று தெரியும்வரை பிள்ளைக்குக் கிடையாது.

பட்டியல் முடிந்த பிறகு கீழே தனியாக ஒரு வாக்கியம் வரலாம். மலாயில் ‘மெங்காண்டுங்கி’ என்றால் அடங்கியுள்ளது. அதற்கு முன்னால் ‘முங்கின்’ என்று வந்தால் அடங்கியிருக்கலாம். அதே தொழிற்சாலையில் கச்சானும் ஓடுகிறது என்பது பெரும்பாலும் இதன் பொருள். இந்த எச்சரிக்கை பெரும்பாலான நாடுகளில் கட்டாயம் இல்லை, கம்பனி விரும்பினால் போடலாம். ஆகவே அது இல்லாததை வைத்துப் பயமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஐரோப்பியச் சொக்லட்டில் இன்னொன்று: அங்கே கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களில் மரக்கொட்டைகள் வேறு, கச்சான் வேறு. ‘நட்ஸ்’ என்று மொழிபெயர்ப்பில் வந்தால் எது என்று மூலத்தில் பார்க்க வேண்டும். ஜெர்மன் மொழியில் ‘நுஸ்’ கொட்டை, ‘ஏர்ட்நுஸ்’ கச்சான். பிரெஞ்சில் ‘அரஷீட்’ என்பார்கள், சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கவே ஏலாது.

கடையில் வாங்குகிற சாமான் என்றால் ஸ்டிக்கர் தொல்லை வேறு. இறக்குமதி செய்தவர் தன் பெயரையும் விலையையும் அடித்து ஒட்டுகிறார், அதையும் சரியாகச் சேர்மானப் பட்டியலின் மேலேயே ஒட்டுகிறார். முடி உலர்த்தும் டிரையரை அரை நிமிடம் பிடித்தால் பசை இளகி மெதுவாக உரிந்து வரும். ஒரு பிஸ்கட் டின்னில் அப்படி உரித்தபோது ‘கச்சான் அடங்கியிருக்கலாம்’ என்ற வரி அடியில் இருந்தது, ஸ்டிக்கரில் அது இல்லை. கடையில் கேட்டேன். ‘மிஸ், நாங்கள் விற்கிறது மட்டும்தான்’ என்றார்கள்.

அந்த ஸ்டிக்கர்களில் வருகிற தமிழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பாலைப் ‘பல்’ என்று அடித்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரு தமிழாளிடம் காட்டினால் ஐந்து நிமிடத்தில் திருத்தித் தருவார். ஒருமுறை ஒரு கம்பனிக்காரர் என்னிடம் வந்தார். பக்கத்துக்கு எவ்வளவு என்று சொன்னேன். ‘தமிழுக்கும் அவ்வளவா?’ என்று கேட்டுவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவில்லை.

இவ்வளவு பயந்தால் பிள்ளை எதைத்தான் சாப்பிடுவான் என்று கீழே ஒருவர் எழுதுவார். எங்கள் மாமியும் அதைத்தான் கேட்டார். அவன் சோறு, கறி, புட்டு, இடியப்பம் எல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறான். வெளிநாட்டுப் பக்கற்றுகளில் வாசித்துத் தெளிந்த நாலைந்து இருக்கின்றன, அவற்றையும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் மறுபடி வாசிக்கிறோம். பெயர் ஒன்றாக இருந்தாலும் வேறு நாட்டுத் தொழிற்சாலையில் செய்தது வேறு பட்டியலோடு வரும்.

உங்கள் பக்கற் எந்த மொழியில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. மலாய் அல்லது இந்தோனேசியம் என்றால் பட்டியலைத் தட்டச்சுச் செய்து கீழே போடுங்கள், வரி எங்கே உடைகிறது என்பதையும் சேர்த்து. தாய், ஜப்பான், சீன எழுத்து என்றால் என்னிடம் கேட்காதீர்கள். அந்த எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவர் கிடைக்கும்வரை பக்கற்றை அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள்.