மேசைக் கார்டு ஏன் படுத்துவிடுகிறது? அச்சகக்காரரிடம் கேள்வி பதில்

கீழக்கரையிலிருந்து: அண்ணே, பெருநாளுக்குத் தொதலும் சுக்கு காபியும் ஸ்பெஷல். கூடாரம் மாதிரி மடித்த கார்டு மேசையில் வைத்தால் சாயங்காலத்துக்குள் கால் விரிந்து படுத்துவிடுகிறது. 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டுதான்.

கனம் போதும் தம்பி, அடி திறந்திருப்பதுதான் வினை. வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டிருப்பீர்கள். நம் கடற்காற்றில் உள்பக்கம் ஈரம் குடித்து நீளும், லேமினேஷன் பக்கம் நீளாது, அதனால் கார்டு வெளிப்பக்கமாக வளைந்து கால் அகலும். அடியை மூடிவிடுங்கள். ஏ4 அட்டையை நீளவாக்கில் பாதியாக வெட்டினால் 105 மி.மீ அகலத்தில் இரண்டு கார்டு. அதில் மேலிருந்து 25 மி.மீ ஒட்டுப்பட்டை, 100 ஒரு முகம், 100 இன்னொரு முகம், 60 அடி, மீதி 12 கழிவு. பட்டையை அடியோடு ஒட்டினால் கால் எங்கே போகும்? மேல் முகத்தைத் தலைகீழாக அச்சடிக்க மறக்காதீர்கள், மறந்து வந்து என்னிடம் அழுதவர்கள் உண்டு.

தொண்டியிலிருந்து: எத்தனை ஜிஎஸ்எம் போடலாம்?

மேலே பாருங்கள்.

பரமக்குடியிலிருந்து, நானும் அச்சகம்தான்: மடிப்பு கிரெயினோடு, அதாவது அட்டையின் இழை ஓடும் திசையோடு போகவேண்டும், இல்லையென்றால் வெடிக்கும். நீங்கள் சொன்ன அளவில் குறுக்கே போகிறதே?

பாதி சரி. புத்தக அட்டைக்கு அதுதான் விதி. ஆனால் நிற்கிற கார்டுக்கு கிரெயின் மேலிருந்து கீழாக ஓடினால்தான் முதுகெலும்பு. ஒரே அளவில் நீளவாக்கில் ஒரு துண்டு, குறுக்கே ஒரு துண்டு வெட்டி நுனியைப் பிடித்து நீட்டுங்கள், எது தொங்குகிறதோ அதில் கிரெயின் குறுக்கே. வெடிக்காமலிருக்க, மடிப்புக் கோட்டை முன்னாலேயே அழுத்தி வைக்கிற கிரீசிங் இருக்கிறது.

அவரே: கிரீசிங் போட்டும் கருநீலப் பின்னணியில் வெள்ளைக் கீறல் விழுந்ததே!

விழும். அதனால்தான் மடிப்பில் அடர்நிறம் வேண்டாம் என்கிறேன். நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், தெரியும்.

பாம்பனிலிருந்து: டென்ட்டுக்கு நாள் வாடகை எவ்வளவு?

ஐயா, இது பந்தல் இல்லை, காபி மேசையில் வைக்கிற கார்டு.

மண்டபத்திலிருந்து: எங்கள் கடை கடற்கரையிலேயே, மூடின அடியும் பறக்கிறது. உள்ளே மணல் பொட்டலம் வைத்தேன், இரண்டே நாளில் அட்டை ஊறிவிட்டது.

கடல் மணலா? உப்பு ஈரத்தை இழுக்கும். அடியின் உள்பக்கம் இரும்பு வாசர் இரண்டு ஒட்டுங்கள். நாணயம் ஒட்டினால் எங்கள் ஊரில் மறுநாள் இருக்காது, உங்கள் ஊர் எப்படியோ. பலத்த காற்றுக்கு அதுவும் பத்தாமல் போகலாம்.

கீழக்கரைத் தம்பி மறுபடி: தொதல் வரலாறு, கருப்பட்டி, தேங்காய்ப்பால் எல்லாம் எட்டு வரி எழுதியிருக்கிறேன், பொருந்துமா?

பொருந்தும், யார் படிப்பார்? பெரிதாக "தொதல் + சுக்கு காபி", அடுத்து விலை, கீழே "பெருநாள் வரை மட்டும்". வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள், இல்லையென்றால் மேல்வரியின் "கு" வாலும் கீழ்வரியின் "நாள்" புள்ளியும் முட்டிக்கொள்ளும். பளபள லேமினேஷன் வேண்டாம், டியூப்லைட் பட்டு விலையே தெரியாது. மேட் போடுங்கள்.

ஏர்வாடியிலிருந்து: 250 ஜிஎஸ்எம் போதுமா?

அடி மூடினால் போதும். ஜிஎஸ்எம் கேள்வி இத்தோடு சரி.