பார் ஏன் பாதியில் நின்றுவிடுகிறது?

கேள்வி: எனக்கு வயது 27. ஸ்குவாட்டில் 100 கிலோவுடன் அடிவரை இறங்கி எழும்போது, தொடை கிடைமட்டத்தைத் தாண்டியதும் சிக்கிக்கொள்கிறேன். பெஞ்ச் பிரஸ்ஸிலும் நெஞ்சிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் பார் நின்றுவிடுகிறது. குறிப்பிட்ட தசை ஏதாவது பலவீனமாக இருக்கிறதா, டாக்டர்?

பதில்: பலவீனம் என்று முடிவு கட்ட அவசியமில்லை. எடையைக் கூட்டிக்கொண்டே போனால் எவருக்கும் ஓர் இடத்தில் பார் நிற்கத்தான் செய்யும். 40 கிலோவில் அதே இடம் உங்களுக்குத் தெரியாமலே கடந்துபோகிறது.

நீர் நிறைந்த வாளியை உடலோடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இங்கே அடிப்படை. ஸ்குவாட்டில் தொடை கிடைமட்டமாக இருக்கும்போது, பாரின் செங்குத்துக் கோட்டிலிருந்து இடுப்பு மூட்டு பின்னால் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ அப்போது இடுப்பை மடக்கப் பார்க்கும் திருப்புவிசை 196 நியூட்டன் மீட்டர். தொடை 60 பாகை நிமிர்ந்ததும் அந்த விலகல் பாதியாகிறது. திருப்புவிசையும் 98 ஆகக் குறைகிறது. உடலின் சாய்வைப் பொறுத்து எண்கள் மாறும், போக்கு மாறாது. எந்த உயரத்தில் எவ்வளவு எடை தாங்க முடியும் என்று வரைந்தால் கோடு மேலே போகப் போக ஏறும். பாதி மட்டும் இறங்கி 130 கிலோ எடுப்பவரைப் பார்த்து நீங்கள் பொறாமைப்பட வேண்டாம். அவர் கோட்டின் சுலபமான பகுதியில் மட்டும் வேலை செய்கிறார்.

அப்படியானால் அடியிலேயே அல்லவா சிக்க வேண்டும்? இறங்கும்போது இழுபட்ட தசையும் தசைநாணும் எழும் முதல் கணத்தில் கூடுதல் விசை தருகின்றன. பார் சற்று வேகம் எடுக்கிறது. சில சென்டிமீட்டரில் அந்த உதவி தீர்ந்துவிடுகிறது, ஆனால் நெம்புகோல் நீளம், அதாவது மேலே சொன்ன விலகல், இன்னும் போதிய அளவு குறைந்திருக்காது. இந்த இடைவெளியில்தான் வேகம் செத்துப்போகிறது. பெஞ்ச் பிரஸ்ஸிலும் இதே இரவல் விசை தீர்வது ஒரு காரணமாக இருக்கலாம். அங்கே பார் தோள்பட்டையை நோக்கி வளைந்து ஏறுவதால் தோளின் நெம்புகோல் ஏற்கெனவே குறையத் தொடங்கியிருக்கும். ஆகவே நீளத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 75 கிலோவுடன் அடியில் இரண்டு விநாடி அசையாமல் நின்று எழுங்கள். அதே எடை துள்ளி எழும்போது இருந்ததைவிடக் கனமாகத் தெரியும். இதைப் பயிற்சியாகவும் வைத்துக்கொள்ளலாம். தடை மறையாது, அதைக் கடக்கும் எடை கூடும்.

யாரையாவது பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சிக்கும் கணத்தில் இடுப்பு மட்டும் மேலே போய் மார்பு முன்னால் சரிந்தால், முன்தொடை கைவிட்ட சுமையை இடுப்பும் முதுகும் ஏற்கின்றன என்று பொருள், எடையைக் குறைத்துவிடுங்கள். சிக்குமிடத்தில் மூச்சை அடக்கி முக்கும்போது இரத்த அழுத்தம் வெகுவாக எகிறும். உங்களுக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தால் அதிகபட்ச எடையை முயலும் முன் மருத்துவரைப் பாருங்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் தனியாக அந்த எடையைத் தொடவே வேண்டாம்.