தலைமை அதிகாரிக்கு ஆப்ஷன்: யார் பையிலிருந்து போகிறது? – கேள்வி பதில்

பட்டியலிட்ட நிறுவனங்களில் மேல்மட்டத்துக்குக் கொடுக்கும் ஆப்ஷன்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். வருமான வரிக்கு நான் ஆள் இல்லை.

சில்லறைப் பங்குதாரன்: கம்பெனி கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போவதில்லையே சார். அப்புறம் செலவு என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு கம்பெனிக்கு 10 கோடிப் பங்குகள், விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமை அதிகாரிகளுக்கு 50 லட்சம் ஆப்ஷன் கொடுக்கிறார்கள். நான்கு ஆண்டு கழித்து, விலை எவ்வளவு ஏறியிருந்தாலும், 100 ரூபாய்க்கே பங்கை வாங்கிக்கொள்ளலாம்.

நான்கு ஆண்டில் கம்பெனியின் மதிப்பு 1,600 கோடி ஆகிவிட்டது. ஆப்ஷனே இல்லாதிருந்தால் உங்கள் பங்கு 160 ரூபாய். இப்போது அவர்கள் 50 கோடி கட்டிப் பங்கை எடுக்கிறார்கள். மொத்த மதிப்பு 1,650 கோடி, பங்குகள் 10.5 கோடி. வகுத்துப் பாருங்கள், சுமார் 157 ரூபாய் 14 காசு. ஒவ்வொரு பங்கிலும் 2 ரூபாய் 86 காசு உங்களிடமிருந்து கைமாறியிருக்கிறது. பழைய பங்குதாரர் எல்லோருக்கும் சேர்த்தால் 28.5 கோடிக்குச் சற்று மேல்.

"இதில் ரொக்கம் எங்கே?" என்பீர்கள். பங்குகளின் எண்ணிக்கை கூடியது அசிங்கமாகத் தெரிகிறது என்று கம்பெனி அதே 50 லட்சம் பங்கைச் சந்தை விலைக்குத் திரும்ப வாங்கினால், அதாவது பைபேக் செய்தால், சுமார் 78.5 கோடி போகும். வந்தது 50 கோடி. அதே 28.5 கோடி இப்போது ரொக்கமாகவே வெளியே போய்விட்டது. அதனால்தான் எப்போதும் சொல்கிறேன்: பைபேக் அறிவிப்பைப் பார்த்துக் கைதட்டும் முன், அதற்கு முன்பு எவ்வளவு ஆப்ஷன் பங்காக மாறியது என்று ஆண்டறிக்கையின் பின்குறிப்பில் பாருங்கள்.

ஐ.டி. ஊழியன்: என் கம்பெனி எனக்குக் கொடுத்த இசாப் ஆப்ஷனுக்கு எப்போது வரி பிடிப்பார்கள்?

உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

சி.ஏ. மாணவர்: பங்கு எண்ணிக்கை கூடுவதால் பங்குக்கான லாபம் ஏற்கெனவே குறைகிறது. அதையே லாப நட்டக் கணக்கில் செலவாகவும் எழுதினால் இரண்டு தடவை கழித்ததாகாதா?

பாதி சரி. இரண்டு இடத்தில் தெரிகிறது என்பது உண்மை. ஆனால் நடந்ததும் இரண்டு காரியம். கம்பெனி புதுப் பங்கை வெளியாளுக்கு விற்று, அந்தப் பணத்தை அதிகாரிக்குச் சம்பளமாகக் கொடுத்திருந்தால் என்ன எழுதுவீர்கள்? சம்பளம் செலவு, பங்கு எண்ணிக்கையும் கூடும். அப்போது யாரும் இரட்டைக் கணக்கு என்று சொல்வதில்லை. ஆப்ஷனில் நடுவில் பணம் காட்டப்படவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லும் வாதத்துக்கு அமெரிக்காவில் பெரிய ஆதரவு இருந்தது. 1993இல் அங்கே கணக்கியல் வாரியம் ஆப்ஷனைச் செலவாக எழுதச் சொன்னபோது கம்பெனிகள் கொதித்தன. 1994இல் செனட் 88க்கு 9 என்ற வாக்கில் எதிர்ப்புத் தீர்மானமே போட்டது. வாரியம் பணிந்து, பின்குறிப்பில் காட்டினால் போதும் என்றது. கணக்கு மோசடியில் என்ரான், வேர்ல்ட்காம் சரிந்த பிறகு, 2004இல்தான் செலவாக எழுதுவதைக் கட்டாயமாக்கும் விதி வந்தது. நம்மூரில் இந்த் ஏ.எஸ். 102 என்ற கணக்கியல் விதியும் அதே வழிதான்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்: பங்கு வைத்திருந்தால் அதிகாரியும் முதலாளி மாதிரி யோசிப்பார். நல்லதுதானே?

பங்கு வைத்திருந்தால் ஓரளவு சரி அய்யா. ஆப்ஷன் பங்கு அல்ல. விலை 100இலிருந்து 60க்கு விழுந்தால் உங்களுக்கு 40 ரூபாய் நட்டம், அவருக்கு ஒன்றுமில்லை. 160க்கு ஏறினால் இருவருக்கும் லாபம். அப்படியானால் அவர் எதை விரும்புவார்? விலை ஏறி இறங்கும் ஆட்டத்தை. மேலே சொன்ன 100 ரூபாய் ஆப்ஷனை, டிவிடெண்ட் இல்லை, வட்டி 7 சதவீதம் என்று வைத்து வழக்கமான பிளாக்–ஷோல்ஸ் முறையில் மதிப்பிட்டால், பங்கின் ஆண்டு ஏற்ற இறக்கம் 30 சதவீதமாக இருக்கும்போது சுமார் 35 ரூபாய். ஏற்ற இறக்கத்தை 50 ஆக்குங்கள், 47 ரூபாய். கம்பெனி ஒரு காசு கூடுதலாகச் சம்பாதிக்கவில்லை. ஆபத்தான ஒரு கையகப்படுத்தலில் இறங்கியதே போதும்.

டிவிடெண்டும் அவருக்குப் பிடிக்காது. கொடுத்த தொகை அளவுக்குப் பங்கு விலை இறங்கும், ஆப்ஷன்காரருக்கோ அதில் பங்கில்லை. பைபேக் என்றால் விலை அப்படி இறங்காது. மைக்ரோசாஃப்ட் 2003இல் ஆப்ஷனை நிறுத்திவிட்டு நேரடியாகப் பங்கு கொடுக்கத் தொடங்கியது. அது அதன் முதல் டிவிடெண்ட் வந்த ஆண்டும்கூட. ஒன்றால்தான் மற்றது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. வங்கியில் 7 சதவீதம் வட்டிக்குப் போட்டிருந்தாலே 100 ரூபாய் நான்கு ஆண்டில் 131 ஆகியிருக்கும். பங்கும் அவ்வளவே ஏறினால், உங்களுக்கு எந்தத் தனிப் பலனும் தராத அதிகாரிக்குப் பங்குக்கு 31 ரூபாய் பரிசு.

ஐ.டி. ஊழியன்: 400 ரூபாய்க்குக் கொடுத்தார்கள், இப்போது விலை 230. விலையைக் குறைத்துத் தருவார்களா?

மேல்மட்ட ஆள் என்றால் பங்குதாரர்கள் சம்மதிக்கக் கூடாது என்பேன். கீழே வேலை செய்பவர் என்றால் அவ்வளவு கறாராக இருக்க மாட்டேன், பங்கு விலை உங்கள் கையில் இல்லை. செபி விதிப்படி விலையை மாற்றலாம், ஆனால் சிறப்புத் தீர்மானம் வேண்டும்.

புதியவர்: கம்பெனிக்குச் செலவே இல்லையாமே?

முதல் பதில். பைபேக் பகுதியையும் விடாமல் படியுங்கள்.

கோவை வாசகி: அமெரிக்காவில் தேதியை மாற்றிய ஊழல் என்றார்களே, அது எப்படி நடந்தது?

நல்ல கேள்வி. அங்கே பழைய கணக்கு விதிப்படி, கொடுக்கும் நாளின் சந்தை விலையையே ஆப்ஷன் விலையாக வைத்தால் செலவு பூஜ்யம். குறைத்து வைத்தால் அந்த வித்தியாசத்தைச் செலவாகக் காட்ட வேண்டும். இன்று விலை 60, இரண்டு மாதம் முன்பு 40 என்றால், காகிதத்தில் இரண்டு மாதம் முந்தைய தேதியைப் போட்டார்கள். பங்குக்கு 20 ரூபாய் இனாம், கணக்கில் பூஜ்யம். வரிச் சலுகையும் கைவிட்டுப் போகவில்லை.

அயோவா பல்கலைக்கழகத்தின் எரிக் லீ 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கிளப்பியது. ஆப்ஷன் கொடுத்த நாளுக்கு முன்பு விலை இறங்குகிறது, பின்பு ஏறுகிறது, அதுவும் சந்தேகப்படும்படி ஒழுங்காக. இதில் சிக்கிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனமான யுனைடெட்ஹெல்த்தின் தலைவர் வில்லியம் மெக்வயர் 2006இல் பதவி விலகி, அடுத்த ஆண்டு 40 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். ஆப்ஷன் கொடுத்ததை இரண்டு வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2002 சட்டம் சொன்ன பிறகு இந்த வேலை கடினமாயிற்று.

இங்கே அந்தத் திருட்டுத்தனத்துக்கு அவசியமே குறைவு. முகமதிப்பான 1 ரூபாய்க்குக்கூட வெளிப்படையாக ஆப்ஷன் கொடுக்கலாம். நியாய மதிப்பு செலவாக எழுதப்படும். அதைப் பின்குறிப்பில் படிக்க மறக்காதீர்கள், மறுபடியும் சொல்கிறேன்.

சி.ஏ. மாணவர்: திரும்ப வருகிறேன் சார். விலை விழுந்து ஆப்ஷன் யாருக்கும் பயனில்லாமல் காலாவதியானால்? பங்குதாரர் எதையும் இழக்கவில்லை. எழுதிய செலவை ஏன் லாபத்தில் திருப்பக் கூடாது?

இது உங்கள் முதல் கேள்வியைவிட வலுவானது. விதி திருப்ப விடுவதில்லை, பங்கு மூலதனப் பக்கத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. காரணம்: கொடுத்த நாளில் அந்த உரிமைக்கு 35 ரூபாய் மதிப்பு இருந்தது, வெளியாளிடம் விற்றிருந்தால் அந்தப் பணம் வந்திருக்கும். வீடு எரியவில்லை என்பதற்காகக் காப்பீட்டு பிரீமியத்தைச் செலவில்லை என்போமா?

சி.ஏ. மாணவர்: ஆனால் அதிகாரி அதை விற்க முடியாது. அவருக்கு அது 35 ரூபாய் பெறாதே?

பெறாது. சொத்தெல்லாம் ஒரே கம்பெனியில் சிக்கியிருப்பவர் 20 ரூபாய் ரொக்கம் போதும் என்பார். பங்குதாரருக்கு 35 செலவு, பெறுபவருக்கு 20 வரவு. நடுவில் தொலையும் 15 ரூபாய்க்கு ஈடாக அவர் அவ்வளவு நன்றாக உழைக்க வேண்டும். உழைக்கிறாரா என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. ஆனால் செலவை 20 என்று எழுதலாம் என்ற முடிவுக்கு இதை வைத்து வராதீர்கள்.

சி.ஏ. மாணவர்: வருவேன் சார். பெறுபவர் ஏற்காத மதிப்பு எப்படிச் சம்பளம் ஆகும்?

வாருங்கள். ஆனால் 35ஐ யார் கொடுத்தார் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.