படிக்க முடியாத விடைக்குப் பூஜ்யமா?

"மார்த்தாண்டம் பக்கம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வாரத் தேர்வுத் தாள்களைப் பிள்ளைகள் போனில் ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். நாங்கள் ஐந்து பேர் பிரித்துத் திருத்துகிறோம். எழுத்து புரியாத இடத்தில் ஒருவர் பூஜ்யம் போடுகிறார், இன்னொருவர் பாதி மார்க் போடுகிறார். 'இனி எல்லாரும் பூஜ்யமே போடுவோம்' என்று மற்றவர்களுக்கு ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?"
— ஓர் ஆசிரியை

அனுப்பாதீர்கள் டீச்சர். ஐந்து பேரும் ஒரே மாதிரி திருத்த வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரி. ஆனால் பூஜ்யம் என்றால் 'விடை தவறு' என்று அர்த்தம். நீங்கள் அந்த விடையை இன்னும் படிக்கவே இல்லையே. பாதி மார்க்கும் வேண்டாம். சரியாக எழுதிய பிள்ளைக்கு அது நஷ்டம், தவறாக எழுதியவனுக்கு இனாம்.

முதலில் பார்க்க வேண்டியது, கெட்டது கையெழுத்தா ஸ்கேனா என்பதை. அதே பக்கத்தில் அச்சான கோடுகளோ வினாத்தாளின் எழுத்தோ இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். அவையும் மங்கியிருந்தால் பிள்ளை மேல் குற்றம் இல்லை. ஸ்கேன் செயலிகளில் இருக்கும் கறுப்பு-வெள்ளை வடிகட்டி வெளிர்நீல மையையும் பென்சிலையும் வெள்ளையாக்கிவிடும். முதலில் காணாமல் போவது புள்ளிதான். 'ல்' என்று எழுதியது 'ல' என்று தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கி, எழுத்தின் ஓரம் கட்டம் கட்டமாக உடையும். வண்ணத்திலோ சாம்பல் நிறத்திலோ மறுபடி ஸ்கேன் செய்து, 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் ஏறிய தாளில் இங்க் பேனா மை ஊறிப் படரும். அது மறு ஸ்கேனில் தெளியாது, தாளையே நேரில் வாங்கித்தான் பார்க்க வேண்டும்.

ஸ்கேன் நன்றாக இருந்தும் எழுத்து புரியவில்லை என்றால்தான் அடுத்த வேலை. ஒரு விடையை எடுத்துக்கொள்வோம். மகரந்தத்தூள் எங்கே சென்று சேர்கிறது என்பது கேள்வி. பையன் எழுதியதில் 'சூலக' வரை தெரிகிறது, மீதி கிறுக்கல். 'சூலகமுடி' என்றால் சரி, 'சூலகத்தண்டு' என்றால் தவறு. விடைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் கிறுக்கல் 'முடி' போலவே தெரியும். நன்றாகப் படிக்கிற பிள்ளையின் தாள் என்று தெரிந்துவிட்டால் இன்னும் நன்றாகத் தெரியும்! நானும் அப்படிப் படித்து மார்க் போட்டிருக்கிறேன். அதனால் பெயரை மறைத்து, அந்த வரியை மட்டும் வெட்டி, விடைக்குறிப்பைப் பார்க்காத இன்னொரு ஆசிரியருக்கு அனுப்புங்கள். 'இது முடியா?' என்று கேட்கக் கூடாது. 'என்ன தெரிகிறது?' என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம் எழுத்தை எண்ணுங்கள். 'முடி' இரண்டே எழுத்து, புள்ளி கிடையாது, கடைசியில் மேலே ஒரு வளைவு. 'த்தண்டு' நான்கு எழுத்து, இரண்டு புள்ளி. அந்தப் பையன் வேறு பக்கத்தில் தெளிவாக எழுதிய 'டி', 'டு' இரண்டையும் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவன் கை எப்படி வளைகிறது என்று பிடிபட்டுவிடும். பெரும்பாலான சந்தேகம் இதிலேயே தீரும்.

தீராவிட்டால் பையனை வாசிக்கச் சொல்லலாம். ஆனால் சரியான விடையை வகுப்பில் சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டும். அவன் வாசித்தது தாளில் இருக்கும் எழுத்து எண்ணிக்கையோடு ஒத்துப்போனால் மார்க் கொடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் வேண்டாம். திருத்தி எழுதி அனுப்பச் சொல்லவே கூடாது, அது புது விடை.

நீங்கள் அனுப்ப வேண்டிய செய்தியை இப்படி எழுதலாம்:

"புரியாத விடைக்கு மார்க் போடாமல் 'படிக்க முடியவில்லை' என்று மட்டும் குறியுங்கள். ஸ்கேன் மங்கல் என்றால் மறு ஸ்கேன் கேட்போம். எழுத்துதான் புரியவில்லை என்றால், பெயர் இல்லாமல் அந்த வரியை இன்னொருவர் படிக்கட்டும். இருவர் படித்ததும் ஒன்றானால் அதற்கு உரிய மார்க். இல்லையென்றால் விடை சொல்வதற்கு முன் பிள்ளையை வாசிக்கச் சொல்வோம். அதற்குப் பிறகும் தெளியாவிட்டால் அந்தச் சொல்லுக்கு மட்டும் மார்க் இல்லை. மீதி விடைக்கு உரியது உண்டு."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஐந்து மார்க் விடையில் ஒரு சொல் புரியவில்லை என்று முழு விடையையும் அடித்துவிடுகிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது 'கையெழுத்தைத் திருத்து' என்று பொதுவாக எழுதாமல், குழம்பிய சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு 'உன் டி, டு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது' என்று எழுதுங்கள். பொதுத்தேர்வில் திருத்துபவர் அவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல மாட்டார். எந்த எழுத்தை மாற்ற வேண்டும் என்று இப்போதே அவனுக்குத் தெரிய வேண்டும்.