லாகெல்லாம் வேகம், ஆர்டர் மட்டும் மெதுவா?

"காசிமேடு மீன் ஆர்டர் ஆப்ல சில ஆர்டருக்கு மட்டும் 6 செகண்ட் ஆகுது. நாலு சர்வீஸ் லாகும் வேகமாத்தான் காட்டுது."

அப்போ நேரம் போறது சர்வீஸுக்குள்ள இல்ல நண்பா, நடுவுல. மாட்டின ஒரு ஆர்டரோட ஐடியை எல்லா லாகுலயும் தேடுங்க:

```
grep -H 'cid=7f3a' *.log | sort
```

ஏதாவது லாகுல அந்த ஐடியே வரலைன்னா, அந்த சர்வீஸைக் கூப்பிடுற சர்வீஸ், ஐடி இருக்கிற ஹெடரை அனுப்பாம இருக்கலாம். முதல்ல அதைச் சரிபண்ணுங்க.

ரெண்டு மெஷின் கடிகாரத்தைக் கழிச்சுப் பார்க்காதீங்க, சில மில்லிசெகண்ட் வித்தியாசமே ஏமாத்திடும். கூப்பிட்டவர் காத்திருந்த நேரத்தையும், பதில் சொன்னவர் வேலை செஞ்ச நேரத்தையும் ஒப்பிடுங்க. ஆர்டர் பக்கம் 5800, பேமென்ட் பக்கம் 90 மில்லிசெகண்டுன்னா, மிச்சம் 5710 நடுவுல போன நேரம். பெரும்பாலும் ஆர்டர் சர்வீஸோட கனெக்‌ஷன் பூல் நிறைஞ்சிருக்கும். கனெக்‌ஷன் கேட்கும்போது ஒரு வரி, கிடைச்சதும் ஒரு வரி, அதே ஐடியோட லாக் பண்ணுங்க. அந்த இடைவெளி சின்னதா இருந்தா, பேமென்ட் வாசல்ல இருக்கிற லோட் பேலன்சர் லாகைப் பாருங்க.